எண்ணூர் மூட்டம் படத்தின் குறையல்ல

படம் வெளுத்துவிட்டதா, ஏஐ கருவியில் போடு. டல்லாக இருக்கிறதா, அதையும் அதிலேயே போடு. படம் எடுப்பவர்களிடையே இன்று இந்த எண்ணம் வேரூன்றிவிட்டது. கல்யாண ஆல்பம் செய்பவர்கள் மட்டும் இப்படிச் சொன்னால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். செய்திப்படம் எடுப்பவர்கள் சொல்கிறார்கள். தங்கள் ஊரின் நிலையைப் பதிவுசெய்யக் கையில் போனோடு நிற்கும் குப்பத்து இளைஞர்களுக்கும் இதுவே பாடமாகச் சொல்லப்படுகிறது. ஹிஸ்டோகிராம் பார்ப்பது பழைய ஆட்களின் பழக்கம், இனி அதற்கு அவசியமில்லை என்கிறார்கள்.

இந்த எண்ணம் தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன். வடசென்னையில் இது தவறு மட்டுமல்ல, ஆபத்தும்கூட. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எடுக்கப்படும் படங்களில் பல, அழகுக்காக எடுக்கப்படுபவை அல்ல. ஆற்றில் என்ன கலந்தது, காற்றில் என்ன மிதக்கிறது, வலையில் என்ன ஒட்டியது என்பதைக் காட்டவே அவை எடுக்கப்படுகின்றன. எம். பழனிகுமார் போன்ற ஆவணப் புகைப்படக்காரர்கள் எண்ணூர் மீனவர்களையும் தூய்மைப் பணியாளர்களையும் பல ஆண்டுகளாகப் படமெடுத்து வருகிறார்கள். அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். இத்தகைய படத்தில் இல்லாத ஒன்று நுழைவதும், இருக்கும் ஒன்று மறைவதும் சின்ன விஷயமல்ல.

ஹிஸ்டோகிராம் என்பது படத்தில் எவ்வளவு வெளிச்சம் எந்த அளவில் இருக்கிறது என்று காட்டும் வரைபடம். இடது ஓரம் முழுக் கறுப்பு, அதாவது 0. வலது ஓரம் முழு வெள்ளை, 255. ஒவ்வோர் அளவிலும் எத்தனை பிக்சல் இருக்கிறதோ அதற்கேற்ற உயரத்துக்கு மேடு எழும்பும். இதில் மனப்பாடம் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தேடினால் போதும்: வெளிச்சத் தகவல் தொலைந்துவிட்டதா, அல்லது இருந்தும் நெருக்கிக்கொண்டு கிடக்கிறதா? தொலைந்திருந்தால் எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. நெருங்கிக் கிடந்தால் ஏஐ தேவையே இல்லை. ஏஐ பொத்தானை அழுத்துபவர் இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார். கருவியும் இந்த இரண்டில் எது நேர்ந்தது என்று அவரிடம் சொல்வதில்லை.

முதலில் வெளுத்த படத்தை எடுத்துக்கொள்வோம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடிந்ததும் ஏலம் நடக்கும் இடம். விசைப்படகுகள் கரையோரம் நெருக்கியடித்து நிற்கின்றன. சூரியன் கடல் பக்கம், படகுகளுக்குப் பின்னால். ஈரத் தரை கறுப்பாக மின்னுகிறது. அதன்மேல் உடைத்த ஐஸ், வெள்ளி வயிற்றோடு வஞ்சிரம், வெள்ளைச் சட்டை போட்ட ஏலக்காரர். கறுப்புத் தரையே படத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்வதால் கேமரா இருட்டு என்று முடிவுசெய்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். ஐஸும் சட்டையும் வெளுத்துப்போகும்.

இப்போது ஹிஸ்டோகிராமின் வலது ஓரத்தைப் பாருங்கள். மேடு சரிந்து இறங்கி, ஓரத்தைத் தொடும் முன்னரே முடிந்துவிட்டால், படம் பிரகாசமாக இருக்கிறதே தவிர எதுவும் தொலையவில்லை. எக்ஸ்போஷரைக் குறைத்தால் ஐஸின் துணுக்குகள் தனித்தனியாகத் தெரியும். மாறாக, வலது சுவரில் ஒட்டிக்கொண்டு ஒரு கம்பம் செங்குத்தாக நிமிர்ந்து நின்றால், அத்தனை பிக்சல்களும் 255ஐத் தொட்டுவிட்டன என்று பொருள். சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் தண்ணீர் லாரி முன் வைத்த குடம் போன்றது. நிரம்பிய பிறகு எவ்வளவு வழிந்தது என்பது குடத்தைப் பார்த்தால் தெரியாது. ஒரு குடம் வழிந்ததோ பத்துக் குடம் வழிந்ததோ, உள்ளே இருக்கும் அளவு ஒன்றுதான்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. கேமராவின் திரையில் காணும் ஹிஸ்டோகிராம், ரா கோப்பில் எடுத்தாலும்கூட, கேமரா தயாரித்துக்கொள்ளும் ஜேபெக் படத்திலிருந்துதான் பெரும்பாலும் வரையப்படுகிறது. எட்டு பிட் ஜேபெக்கில் 256 படிகள். பதினான்கு பிட் ரா கோப்பில் 16,384 படிகள். எனவே திரையில் சுவரை முட்டி நிற்கும் கம்பம், ராவில் உண்மையிலேயே முட்டியிருக்க வேண்டும் என்பதில்லை. சோதித்துப் பார்ப்பது எளிது. ரா கோப்பைக் கணினியில் திறந்து எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறையுங்கள். கம்பம் சுவரை விட்டு விலகி, விரிந்து ஒரு சரிவாக மாறினால் தகவல் உள்ளே இருந்திருக்கிறது. சட்டையின் மடிப்பு வந்துவிடும். கம்பம் விரியாமல், அதே செங்குத்தான வடிவில் இடப்பக்கம் நகர்ந்து நின்றால் தகவல் போய்விட்டது. அப்போது சட்டை வெள்ளையாக இராது, சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்தது போலச் சாம்பலாகத் தட்டையாக இருக்கும். ஜேபெக்கில் இந்த இரண்டாவது முடிவுதான் பெரும்பாலும் வரும்.

மூன்று நிறங்களையும் தனித்தனியே பார்ப்பதும் அவசியம். விடியற்கால வானத்தில் சிவப்பு மட்டும் முதலில் சுவரை முட்டும். பச்சையும் நீலமும் உள்ளேயே இருக்கும். மூன்றையும் கலந்து காட்டும் சாம்பல்நிற ஹிஸ்டோகிராமில் இது மறைந்துவிடலாம். செம்மஞ்சளாகக் கண்ணால் பார்த்த வானம் படத்தில் சூரியனைச் சுற்றி எலுமிச்சை மஞ்சளாக மாறியிருந்தால் சந்தேகப்படுங்கள். மீதி இரண்டு நிறங்களில் தகவல் இருப்பதால் இந்த நிலையில் ஓரளவு மீட்பு சாத்தியம். ரா மென்பொருள்கள் அதைத்தான் செய்கின்றன.

மூன்று நிறமும் முட்டிவிட்ட இடத்தில் ஏஐ கருவி என்ன செய்கிறது? நிரப்புகிறது. சட்டை என்றால் மடிப்பு இருக்கும், ஐஸ் என்றால் விரிசல் இருக்கும், வானம் என்றால் மேகம் இருக்கும் என்று தான் பார்த்துப் பழகிய லட்சக்கணக்கான படங்களிலிருந்து ஊகித்து வரைகிறது. வரைந்தது நம்பும்படி இருக்கும், அதுதான் சிக்கலே. 2023 மார்ச்சில் ஒருவர் வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலவின் படத்தைத் திரையில் வைத்து, சாம்சங் போனால் படமெடுத்துக் காட்டினார். மங்கல் படத்தில் இல்லாத பள்ளங்களும் மேடுகளும் போன் எடுத்த படத்தில் இருந்தன. நிலவு எல்லோருக்கும் ஒன்று என்பதால் அங்கே பெரிய கேடு இல்லை. காசிமேட்டில் ஒரு மீனின் கண் அப்படியல்ல. கண் கலங்கியிருக்கிறதா, தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் மீன் புதியதா என்று சொல்கிறோம். வெளுத்துப்போன கண்ணுக்குக் கருவி ஒரு தெளிவான கருவிழியை வரைந்து வைத்தால், அந்தப் படம் அந்த மீனைப் பற்றியதல்ல.

என்னை மறுப்பவர்கள் இங்கே கேட்பார்கள்: இன்றைய போனே பல படங்களைச் சேர்த்துத்தானே ஒரு படமாகத் தருகிறது, அதுவும் கணக்குதானே, அதை மட்டும் ஏன் ஏற்கிறீர்கள்? நியாயமான கேள்வி. போன் ஒரு நொடிக்குள் பல படங்களை எடுத்து, நிழலையும் வெளிச்சத்தையும் அவற்றிலிருந்து பொறுக்கிச் சேர்க்கும்போது, சேர்க்கப்படும் ஒவ்வொன்றும் அந்த இடத்திலிருந்து லென்சுக்குள் வந்த ஒளி. அது எடுத்ததைத் தொகுப்பது. மற்றது எடுக்காததை உண்டாக்குவது. கோட்டை நான் அங்கேதான் போடுகிறேன். ஒரே போன் சில சமயம் இரண்டையும் செய்துவிடுகிறது என்பதற்கு அந்த நிலவுப் படமே சான்று. ஆகவே ஆவணப்படம் எடுப்பவர் போனின் அந்த அமைப்புகளைத் தெரிந்து அணைத்துவைக்கத்தான் வேண்டும்.

டல்லான படம் வேறு கதை. எண்ணூரில்தான் அது கடினமாகிறது. முகத்துவாரக்குப்பத்தின் கரையில் நின்று வடக்கே பார்த்தால், கொசஸ்தலையாற்றுக்கு அப்பால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். கடல் ஈரமும் தூசியும் புகையும் கலந்த வெண்மூட்டம் வானத்தையும் தண்ணீரையும் ஒன்றாக்கிவிடும். படம் பால் ஊற்றியது போல வரும். ஏஐ மேம்படுத்தலில் போட்டால் கண்ணைப் பறிக்கும் நீல வானமும் கூர்மையான புகைபோக்கியும் கிடைக்கும். "பார்த்தீர்களா, எவ்வளவு நன்றாக வந்திருக்கிறது" என்பார்கள். படத்தின் விஷயம் எதுவோ அதுவே துடைக்கப்பட்டுவிட்டது. அந்த ஊர்க்காரர் மூச்சில் இழுக்கும் காற்றைக் குறை என்று முடிவுகட்டி நீக்கியிருக்கிறது கருவி.

அப்படியானால் டல் படத்தை அப்படியே விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். டல்லாக இருப்பதற்கு இரண்டு காரணங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன, அவற்றைப் பிரிக்க வேண்டும். ஒன்று, காற்றில் உள்ள மூட்டம். அது உண்மை, அது படத்தில் இருக்க வேண்டும். மற்றது, லென்ஸில் படிந்த உப்புத்திரையும் எதிர்வெளிச்சம் லென்ஸுக்குள் சிதறுவதும். அது படக்கருவியின் குறை, அதை நீக்கலாம். பிரிக்கும் வழி இதுதான்: மூட்டம் தூரத்தைப் பொறுத்தது. வெகுதூரம் தள்ளி நிற்கும் புகைபோக்கியின் அடியை அது வெளிறச் செய்யும். உங்கள் காலடியில் கிடக்கும் கறுப்பை எதுவும் செய்யாது. எனவே பக்கத்தில் இருக்கும் ஒரு கறுப்பைப் படத்துக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவே அளவுகோல்.

ஒரு படத்தை எடுத்துச் செய்துபார்ப்போம். முன்னால் கரையேற்றிய ஃபைபர் படகு, அதன் பக்கத்தில் கட்டித் தொங்கும் பழைய டயர். பின்னால் ஆறு, அதற்கும் பின்னால் புகைபோக்கி. ஹிஸ்டோகிராமில் மேடு 50 அருகில் தொடங்கி 236இல் முடிகிறது. இரண்டு ஓரமும் காலி. எதுவும் தொலையவில்லை, நெருங்கிக் கிடக்கிறது. நிறம் எடுக்கும் கருவியை டயரின் உட்குழி நிழலில் வைத்தால் 52 காட்டுகிறது. அந்த இடம் கண்ணுக்குக் கறுப்பு. இரண்டு அடி தூரத்தில் மூட்டம் அதை வெளிறச் செய்திருக்க முடியாது. ஆகவே அந்த 52இல் பெரும்பகுதி லென்ஸின் பங்கு. புகைபோக்கியின் அடி 150, ஆற்றுநீர் 120, வானம் 225.

ஜிம்ப் மென்பொருளில் `Colors` → `Levels` திறந்து, உள்ளீட்டின் இடது முக்கோணத்தை 44க்கும் வலது முக்கோணத்தை 240க்கும் நகர்த்துகிறோம். போனில் ஸ்னாப்சீட் வைத்திருப்பவர்கள் `Curves` பகுதியில் கோட்டின் இரு முனைகளையும் ஹிஸ்டோகிராம் தொடங்கும், முடியும் இடங்களுக்கு இழுத்தால் இதே வேலை நடக்கும். உள்ளே ஓடும் கணக்கு இவ்வளவுதான்:

```
புதிய அளவு = (பழைய அளவு − 44) ÷ (240 − 44) × 255
```

டயரின் நிழல் 10க்கு இறங்கிக் கறுப்பாகிறது. ஆற்றுநீர் 99. புகைபோக்கியின் அடி 138. வானம் 235. புகைபோக்கிக்கும் வானத்துக்கும் இடையே முன்பு 75 படி வித்தியாசம் இருந்தது, இப்போது 97. டல் போய்விட்டது. ஆனால் புகைபோக்கி இன்னும் 138இல்தான் நிற்கிறது, நடுச்சாம்பலைவிட வெளிறியே. பக்கத்துக் கறுப்பு கறுப்பாகவும் தூரத்துக் கறுப்பு வெளிறியும் தெரிவதால், மூட்டம் முன்பைவிடத் தெளிவாகக் கண்ணில் படுகிறது. புகைபோக்கியின் அடியையும் கறுப்பாக்க ஆசைப்பட்டு இடது முக்கோணத்தை 140 வரை தள்ளியிருந்தால், ஏஐ கருவி செய்ததையே நாமும் கையால் செய்திருப்போம். ஜூம் போட்டு வெறும் புகைபோக்கியை மட்டும் எடுத்த படத்தில் இந்த ஆபத்து அதிகம். அதில் பக்கத்துக் கறுப்பே இல்லை, ஹிஸ்டோகிராம் நடுவில் ஒரு சின்ன மேடாக நிற்கும், எவ்வளவு இழுப்பது என்று சொல்ல ஆளில்லை. எண்ணூரில் முன்னால் ஏதாவது ஒன்றை வைத்து எடுங்கள் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான். டயர் 52 காட்டினால், அடுத்த படத்துக்கு முன் லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி எடுப்பது இதைவிட நல்லது.

இழுப்பதற்கும் விலை உண்டு. 44 முதல் 240 வரையிலான 197 படிகளை 256இல் பரப்பும்போது இடையில் 59 படிகள் காலியாக நிற்கும். திருத்திய படத்தின் ஹிஸ்டோகிராம் சீப்பின் பல் போலத் தெரியும். இந்த அளவுக்குக் கண்ணுக்குப் புலப்படாது. ஆனால் 110 முதல் 190 வரை மட்டும் இருந்த ஜேபெக்கை முழு அகலத்துக்கு இழுத்தால், வானத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் விழும். ரா கோப்பில் படிகள் நிறைய இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு.

ஹிஸ்டோகிராம் பார்ப்பவர்களிடமும் ஒரு தவறான பாடம் புழங்குகிறது: நல்ல படம் என்றால் மேடு நடுவில் இருக்க வேண்டும் என்பது. தானியங்கித் திருத்தங்களும் ஏஐ கருவிகளும் படத்தைத் தள்ளிக்கொண்டு போவதும் அந்தத் திசையிலேயே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியதே, அந்த நாட்களின் படங்களை நினைத்துப் பாருங்கள். கறுப்பு நீர், கறுப்புப் படிந்த படகு, கறுப்புக் கை. அந்தப் படத்தின் மேடு இடது பக்கம்தான் இருக்க வேண்டும். நடுவுக்கு இழுத்தால் எண்ணெய் சாம்பல்நிறச் சேறாகிவிடும். நீர்ப்பரப்பில் மெல்லியதாகப் படர்ந்த எண்ணெயை அடையாளம் காட்டும் நீலமும் ஊதாவுமான மினுக்கம் அந்த இருளுக்குள்தான் சன்னமாக இருக்கிறது. புள்ளியிரைச்சல் என்று நினைத்து மென்மையாக்கும் கருவி முதலில் அழிப்பது அதைத்தான். அங்கே பார்க்க வேண்டியது, இடது சுவரில் கம்பம் நிற்கிறதா என்பதை மட்டும். நின்றால் எண்ணெயும் நிழலும் ஒன்றாகிவிட்டன. எக்ஸ்போஷரைக் கூட்டி மறுபடி எடுக்க வேண்டும். சாம்பல் படிந்த சதுப்பில் இதற்கு நேர்மாறு நடக்கும். பிரகாசத்தைக் கூட்டிவிட்டால் நிலக்கரிச் சாம்பல் கடற்கரை வெண்மணலாகத் தோற்றம் தரும்.

ஹிஸ்டோகிராமுக்குத் தெரியாதவையும் உண்டு. எந்த அளவில் எத்தனை பிக்சல் என்று சொல்லும். எந்த இடத்தில் என்று சொல்லாது. ஒரு பெண்ணின் கன்னம் மட்டும் வெளுத்திருந்தால், மொத்தப் படத்தில் அது மிகச் சிறு பகுதி என்பதால் வலது சுவரில் கண்ணுக்கே தெரியாத ஒரு கீற்றாக நிற்கும். மறுபக்கம், மீன் செதிலில் பட்டுத் தெறிக்கும் சூரியப் புள்ளிகள் சுவரை முட்டலாம். அவை முட்டுவதே இயல்பு. ஆகவே வெளுத்த இடங்களைச் சிமிட்டிக் காட்டும் எச்சரிக்கையையும் கூடவே போட்டுப் பார்க்க வேண்டும். ஏஐ கருவிக்கு எந்த இடமும் இல்லை என்றும் நான் சொல்லவில்லை. இரவில் ராயபுரம் ரயில் நிலையத்தை அதிக ஐஎஸ்ஓவில் எடுத்த படத்தின் இரைச்சலைக் குறைக்க அது நன்றாகவே உதவும். ஹிஸ்டோகிராம் பார்த்துத் திருத்திய பிறகு, எதற்காக என்று தெரிந்து, அளவோடு பயன்படுத்தினால் எனக்கு மறுப்பில்லை.

இந்தக் கோட்டை நான் மட்டும் போடவில்லை. வேர்ல்டு பிரஸ் ஃபோட்டோ போட்டி வெளிச்ச அளவுகளைத் திருத்துவதை ஏற்கிறது. புதிய தகவலைச் சேர்க்கும் ஏஐ பெரிதாக்கும் கருவிகளை விலக்குகிறது. இறுதிச் சுற்றுக்கு வருபவர்களிடம் மூலக் கோப்பைக் கேட்டு ஒப்பிட்டும் பார்க்கிறது. நம் நாட்டில் 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுப்படி, மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டும். ஒரு பிக்சலைத் தொட்டுச் சேமித்தாலும் அந்த மதிப்பு மாறிவிடும். எனவே எண்ணூரில் எடுத்த படம் எதுவானாலும் மூலக் கோப்பைத் தொடாமல் தனியே வைத்துவிட்டு, நகலில்தான் வேலை செய்ய வேண்டும். நகலோடு இரண்டு எண்களை எழுதி வையுங்கள்: கறுப்பு 44, வெள்ளை 240. மூலக் கோப்பும் இந்த இரண்டு எண்களும் கையில் இருந்தால், பத்திரிகை அலுவலகத்திலோ தீர்ப்பாயத்திலோ யார் திறந்து அதே மென்பொருளில் போட்டாலும் அதே படம்தான் வரும்.